ஒருமுறை மட்டும் அனுப்ப வேண்டிய மின்னஞ்சல்

ஊவாத் தேயிலைக்கு ஒரு சங்கடம் உண்டு. ஜூலை முதல் செப்டம்பர் வரை கச்சான் காற்று மலையை உலர்த்தும். அந்த மாதங்களில்தான் கொழுந்தில் ஊவாவுக்கே உரிய வாசம் ஏறும். அந்தத் தேயிலையை வாங்கிப் பொதி செய்து, தீபாவளிக்கும் நத்தாருக்கும் பொங்கலுக்கும் அன்பளிப்பாக அனுப்பலாம் என்று சிறு விற்பனையாளர் கணக்குப் போட்டு முடிக்கையில் ஒக்டோபர் பிறந்துவிடும். பதுளை மாவட்டத்தின் பெருமழை தொடங்குவதும் அப்போதுதான். நல்ல தேயிலை கையில் இருக்கும் மாதங்களும் பாதை உடையும் மாதங்களும் ஒன்றாகவே வருகின்றன.

பதுளை மாவட்டத்துப் பூனாகலையில் இதை யாருக்கும் விளக்கத் தேவையில்லை. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. 2023 மார்ச் 19 இரவு பூனாகலையின் கபரகலைத் தோட்டத்திலேயே மலை சரிந்து குடும்பங்கள் வீடிழந்தன. 2025 நவம்பர் இறுதியில் வந்த ‘டித்வா’ புயல் நாடு முழுவதும் 600க்கு மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களுள் பதுளையும் ஒன்று. மலையகப் புகையிரதப் பாதை பல இடங்களில் அறுந்தது.

இவ்வளவு பெரிய இழப்புகளுக்கு நடுவே, வராத ஒரு தேயிலைப் பொதியைப் பற்றிப் பேசுவது சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம். ஆனால் பாதை திறக்கும் வரை காத்திருக்கும் சிறு விற்பனையாளருக்கு அந்த வாரத்தில் செய்யக்கூடிய வேலை ஒன்றுதான். வாடிக்கையாளர்களுக்குத் தாமத மின்னஞ்சல் எழுத வேண்டும். அதில் மன்னிப்பு இருக்கும், ஒரு புதிய தேதி இருக்கும், ஒரு சிறு தள்ளுபடியும் இருக்கும். இந்த மூன்றில் எழுதுவோர் அதிகம் மினக்கெடுவது மன்னிப்புக்கும் தள்ளுபடிக்கும்தான். தேதியை மனம் போன போக்கில் போட்டுவிடுகிறார்கள். பிழை தொடங்குமிடம் அதுதான்.

வழக்கமான கடிதம் எப்படி இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். “தவிர்க்க முடியாத காரணங்களால் தங்கள் பொருள் தாமதமாகிறது. விரைவில் அனுப்பி வைப்போம். ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்.” மின்வெட்டு அறிவித்தலிலும் தண்ணீர்வெட்டு அறிவித்தலிலும் ஊறிப்போன மொழி இது. என்ன காரணம் என்பதும் எந்த நாள் என்பதும் அதில் இல்லை. வருந்துகிறவர் யார் என்றுகூடச் சொல்லவில்லை. வாங்கியவருக்கு உண்மையில் தெரிய வேண்டியது, தான் காத்திருக்கலாமா, வேறு இடத்தில் வாங்கிக்கொள்ளலாமா என்பது. அதற்கு இந்தக் கடிதத்தில் பதில் கிடையாது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். பூனாகலையில் தேயிலை பொதி செய்து விற்கும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். அரைக்கிலோப் பைகள் இரண்டு கொண்ட பொதிக்கு 3,000 ரூபா. கொழும்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் பதுளைப் பக்கத் தோட்டங்களிலிருந்தும் 40 பேர் கேட்டிருக்கிறார்கள். டிசம்பர் 6க்குள் கைக்கு வரும் என்று சொல்லியிருந்தார். டிசம்பர் 2 இரவு பண்டாரவளைப் பாதையில் மேடு சரிந்து விழுகிறது. மறுநாள் காலை அவர் எழுத உட்காருகிறார்.

கடைத்தெருவில் கேட்டால், “மூன்று நாளில் திறந்திடுவாங்க” என்கிறார்கள். மூன்று நாள், அதோடு கூரியருக்கு இரண்டு நாள் என்று கூட்டி, டிசம்பர் 8 என்று எழுதவே கை போகும். படிப்பவருக்கும் அது ஆறுதலாக இருக்கும். ஆனால் கடைத்தெருவில் சொன்ன மூன்று நாள், மழை விட்டால் மட்டுமே பொருந்தும். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தாலே தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையின் முதல் மட்டம் தொடங்கிவிடும். 100 மில்லிமீற்றரில் இரண்டாம் மட்டம், 150இல் வெளியேறச் சொல்லும் மூன்றாம் மட்டம். மேட்டில் இன்னும் மண் நகர்ந்துகொண்டிருக்கையில், கீழே மண் அள்ளும் இயந்திரத்தை யாரும் இறக்க மாட்டார்கள். ஆகவே அவர் முதலில் பார்க்க வேண்டியது தன் பகுதிக்கான எச்சரிக்கை நீங்கிவிட்டதா என்பதைத்தான். பாதை எப்போது திறக்கும் என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வரும். மோட்டார் சைக்கிள் போகும் நாள் வேறு, வேன் போகும் நாள் வேறு என்பதையும் விசாரித்துக்கொள்ள வேண்டும். விசாரித்ததில் வேன் போக டிசம்பர் 8 ஆகும் என்று தெரிகிறது என வைத்துக்கொள்வோம்.

அடுத்தது அவருடைய சொந்த வேலை. பொதி செய்யும் ஈயத்தாள் பைகள் பண்டாரவளையில் கிடக்கின்றன. பாதை திறந்த மறுநாள்தான் அவை வந்து சேரும். தேயிலை ஈரத்தை உறிஞ்சும் பொருள். மழைக்காற்றில் சாக்கைத் திறந்து வைத்துக்கொண்டு பை வருமென்று காத்திருக்க முடியாது. நாளொன்றுக்கு 15 பொதி கட்டலாம் என்றால் 40 பொதிக்கு மூன்று நாள் வேண்டும். டிசம்பர் 9, 10, 11. பதினோராம் தேதி மாலை கூரியரிடம் கொடுக்கிறார். கூரியருக்கு வழமையாக இரண்டு நாள். ஆனால் அடைபட்டிருந்த எல்லாரின் பொதிகளும் அதே நாளில் அவர்களிடம் குவிந்திருக்கும். நான்கு நாள் வைத்தால் டிசம்பர் 15. இதில் ஏதாவது ஒன்று பிசகலாம் என்று மூன்று நாள் கூட்டினால் டிசம்பர் 18.

எட்டுக்கும் பதினெட்டுக்கும் இடையே பத்து நாள் இடைவெளி. “பதினெட்டு என்று எழுதினால் பாதிப் பேர் வேண்டாமென்று சொல்லிவிடுவார்கள்” என்ற பயம் வரத்தான் செய்யும். ஆனால் எட்டு என்று எழுதிவிட்டு ஒன்பதாம் தேதி இன்னொரு மன்னிப்பு எழுதினால் என்னவாகும் என்பதைச் சோதித்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

சிகாகோ பல்கலைக்கழகப் பொருளியலாளர் ஜான் லிஸ்ட், உபர் நிறுவனத்தின் தலைமைப் பொருளியலாளராகவும் இருந்தவர். அவரும் உடன் ஆய்வாளர்கள் மூவரும், சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேராத 15 லட்சம் பயணிகளைப் பல குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு எந்த மின்னஞ்சலும் போகவில்லை. சிலருக்கு வெறும் மன்னிப்பு போனது. சிலருக்கு, இனிமேல் இப்படி நடக்காமல் பார்த்துக்கொள்வோம் என்ற வாக்குறுதியோடு போனது. ஒவ்வொரு வகையிலும் பாதிப் பேருக்கு அடுத்த பயணத்துக்கு 5 டொலர் கழிவும் சேர்ந்து போனது. பின்னர் அவர்கள் உபரில் எவ்வளவு செலவழித்தார்கள் என்று பார்த்தார்கள். வார்த்தைகள் மட்டும் போன இடத்தில் பெரிய மாற்றம் இல்லை. 5 டொலர் சேர்ந்த இடத்தில் செலவு கூடியது. பூனாகலைக்கு வேண்டிய முடிவு இதற்கு அடுத்தது. மீண்டும் மீண்டும் தாமதத்துக்கு உள்ளாகி, மீண்டும் மீண்டும் மன்னிப்புப் பெற்றவர்கள், எந்த மன்னிப்பும் பெறாதவர்களைவிடக் குறைவாகவே பிறகு செலவழித்தார்கள். மன்னிப்பு என்பது ஒரு வாக்கு. வாக்குத் தவறினால், ஒன்றும் சொல்லாமலே இருந்தவனைவிடச் சொன்னவன் கீழே போகிறான்.

எனவே டிசம்பர் 18 என்று எழுதுவதே சரி. பதினைந்தாம் தேதியே பொதி வந்து சேர்ந்தால் யாரும் கோபிக்கப் போவதில்லை.

பிந்திய தேதியைச் சொல்லும்போது அதனோடு ஒரு கதவையும் திறந்து வைக்க வேண்டும். அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 1975இலேயே தபால் வழி வியாபாரத்துக்கு ஒரு விதி வகுத்தது. பின்னர் அது தொலைபேசிக்கும் இணையத்துக்கும் விரிந்தது. சொன்ன நாளில் பொருளை அனுப்ப முடியாவிட்டால், விற்பவர் புதிய தேதியைச் சொல்ல வேண்டும். வேண்டாமென்றால் பணத்தைத் திருப்பித் தருவதாகவும் அதே அறிவித்தலில் சொல்ல வேண்டும். புதிய தேதி 30 நாளுக்குள் இருந்தால், வாடிக்கையாளர் பதில் எழுதாவிட்டாலும் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளலாம். இரண்டாவது முறையும் தள்ளிப்போட வேண்டி வந்தால் அந்தச் சலுகை கிடையாது. வாங்கியவர் வாயால் சரி என்று சொன்னால் ஒழியப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். முதல் தாமதத்துக்கு மௌனம் சம்மதமாகலாம், இரண்டாவதற்கு ஆகாது என்ற அளவுக்குச் சட்டமே யோசித்திருக்கிறது.

இந்தியாவின் 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகள், சொன்ன காலம் கடந்து வந்த பொருளைத் திருப்பி ஏற்க விற்பவர் மறுக்கக்கூடாது என்கின்றன. இயற்கை அனர்த்தம் போன்ற கைமீறிய காரணத்தால் வந்த தாமதத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் வாங்கியவர் முறையிடலாம். அதன் தொலைபேசி எண் 1977. மண்சரிவைக் காட்டிச் சட்டத்தில் தப்பலாம்தான். ஆனால் பூனாகலைப் பெண்ணுக்கு வேண்டியது பொங்கலுக்கு அந்த 40 பேரும் மறுபடி கேட்பது. அதனால் ‘வேண்டாமென்றால் சொல்லுங்கள், முழுப் பணமும் திருப்பித் தருகிறேன்’ என்ற வரியை அவர் எழுதித்தான் ஆக வேண்டும்.

எழுதுவதற்கு முன் பணப்பெட்டியையும் எண்ணிப் பார்க்க வேண்டும். முன்பணமாக வந்ததைக் கொண்டுதான் அவர் தேயிலையே வாங்கியிருப்பார். ஐந்து பேர் விலகினால் 15,000 ரூபா உடனே வேண்டும். அது கையில் இல்லாமல் அந்த வரியை எழுதினால், தாமதத்துக்கு மேல் இன்னொரு தாமதம் சேரும். இரண்டாவது தாமதம் பண விஷயத்தில் வருவது. அதற்கு எந்த மழையையும் காரணம் காட்ட முடியாது.

இனித் தள்ளுபடி. ஒரு பொதிக்கு அவருக்குக் கையில் நிற்கும் லாபம் 600 ரூபா என்று கொள்வோம். நூற்றுக்கு ஐந்து வீதம் குறைத்தால் பொதிக்கு 150, மொத்தம் 6,000 ரூபா. லாபத்தில் கால்வாசி போகும். பத்து வீதம் என்றால் பாதி லாபமே போய்விடும். சிறு விற்பனையாளர் 150இல் நிறுத்திக்கொள்வது நியாயம். ஆனால் அதை எப்படித் தருகிறார் என்பது தொகையைவிட முக்கியம். ‘அடுத்த முறை வாங்கினால் 150 ரூபா கழிவு’ என்று சொல்வது மலிவான வழி, ஏனென்றால் பலர் அதைப் பயன்படுத்தவே மாட்டார்கள். உபருக்கு அது சரிவரும், அதன் பயணி நாளைக்கே மறுபடி ஏறுவார். வருஷத்துக்கு ஒருமுறை தேயிலை வாங்குகிறவருக்கு அது விளம்பரமாகத்தான் படும். தாமதமானது இந்தப் பொதி, ஆகவே கழிவும் இதே பொதியில் இருக்க வேண்டும்.

பணத்துக்கு ஒரு எல்லையும் உண்டு. 2010இல் வெளியான ஓர் ஆய்வுக்காக நொட்டிங்காம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஈபேயில் விற்கும் ஒரு ஜெர்மானிய நிறுவனத்தின் வாடிக்கையாளர்களிடம் சோதித்தார்கள். குறை எழுதியவர்களில் சிலரிடம் மன்னிப்புக் கேட்டு, எழுதியதை நீக்கும்படி வேண்டினார்கள். வேறு சிலருக்குச் சில யூரோக்கள் தருவதாகச் சொல்லி அதையே கேட்டார்கள். மன்னிப்புக்கு இணங்கியோர் ஏறக்குறைய பாதி. பணத்துக்கு இணங்கியோர் ஏறக்குறைய கால்வாசிதான். உபர் முடிவுக்கு இது எதிர் போலத் தெரிந்தாலும் அப்படியல்ல. ஈபேயில் பணம் வாயை மூடுவதற்கான விலையாக வந்தது, உபரில் ஒன்றும் கேட்காமல் வந்தது. 150 ரூபாவைத் தந்துவிட்டு, ‘எங்கள் பக்கத்தில் நல்லதாக நாலு வார்த்தை எழுதுங்கள்’ என்று கடைசியில் சேர்த்தால், கொடுத்த பணமும் வீண்.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு அவர் எழுதும் மின்னஞ்சல் கிட்டத்தட்ட இப்படி இருக்கலாம்:

“பொருள்: உங்கள் தேயிலைப் பொதி டிசம்பர் 6க்குப் பதில் டிசம்பர் 18க்குள் வரும்

வணக்கம். டிசம்பர் 6க்குள் தருவதாகச் சொன்ன உங்கள் பொதியை அந்த நாளில் தர என்னால் முடியாது. மன்னித்துக்கொள்ளுங்கள். 2ஆம் தேதி இரவு பூனாகலை – பண்டாரவளைப் பாதையில் மண் சரிந்து வாகனம் நின்றுவிட்டது. பொதி செய்யும் பைகளை முன்கூட்டியே எடுத்து வைக்காதது என் தவறு. அதனால் மேலும் சில நாட்கள் ஆகின்றன.

பொதி இங்கிருந்து டிசம்பர் 11 புறப்படும். 18க்குள் உங்கள் கைக்கு வரும்.

தாமதத்துக்காக உங்கள் பொதியில் 150 ரூபா குறைத்திருக்கிறேன். முன்பே பணம் அனுப்பியிருந்தால் அந்த 150 ரூபாவை இந்தக் கிழமைக்குள் உங்கள் கணக்குக்கு அனுப்புவேன். பொதி வரும்போது பணம் தருவதாக இருந்தால் 2,850 ரூபா மட்டும் கொடுங்கள்.

18 வரை காத்திருக்க முடியாவிட்டால், 10ஆம் தேதிக்குள் இந்த மின்னஞ்சலுக்கே பதில் எழுதுங்கள். கட்டிய முழுப் பணத்தையும் திருப்பித் தருவேன்.”

பைகளைப் பற்றிய வரி வீண் அடக்கத்துக்காக எழுதப்பட்டதல்ல. பாதை 8ஆம் தேதி திறந்ததைச் செய்தியில் பார்க்கும் யாழ்ப்பாணத்துக்காரர், அதற்கு மேல் பத்து நாள் எதற்கு என்று கேட்பார். எல்லாவற்றையும் மழையின் தலையில் கட்டியிருந்தால் அந்தக் கேள்வியில் கடிதம் முழுவதும் பொய்யாகிவிடும். ஊரில் யாருக்கு என்ன இழப்பு என்று நீட்டி எழுதுவதும் வேண்டாம். அடுத்தவர் துக்கத்தைத் தன் வியாபாரத்துக்குக் காரணம் காட்டுவதாக அது ஆகிவிடும்.

அனுப்பும்போது கெடும் விஷயங்களும் சில உண்டு. 40 முகவரிகளையும் ஒரே கட்டத்தில் போட்டு அனுப்பினால், எல்லோருடைய முகவரியும் எல்லோருக்கும் தெரிந்துவிடும். மறை நகல் கட்டத்தில் போடுவதோ, தனித்தனியாக அனுப்புவதோ பாதுகாப்பு. தலைப்பில் ‘தள்ளுபடி’ என்று எழுதினால் படிப்பவர் விளம்பரம் என்று தள்ளிவிடுவார், மின்னஞ்சல் சேவைகளும் அதை விளம்பரப் பக்கத்தில் ஒதுக்கக்கூடும். தேதி தலைப்பிலேயே இருந்தால், திறக்காதவருக்கும் சேதி போய்விடும். பணம் வாங்கிக்கொண்டு தரும் பொதிகளில் இன்னொரு பொறி இருக்கிறது. மின்னஞ்சலில் 2,850 என்று எழுதிவிட்டு, கூரியர் சீட்டில் பழைய 3,000ஐ மாற்ற மறந்தால், வாசலில் நிற்கும் பையன் சீட்டில் உள்ளதைத்தான் கேட்பான். மன்னிப்புக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாடிக்கையாளர் அவனோடு வாக்குவாதப்பட வேண்டியிருக்கும்.

அந்த 40 பேரில் பதுளைப் பக்கத் தோட்டங்களிலிருந்து கேட்டவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் விஷயத்தில்தான் தேதியின் உண்மையான விலை தெரிகிறது. பல தோட்டங்களில் லயத்துக்கு லயம் தனி முகவரி இல்லை. கடிதங்கள் மொத்தமாகத் தோட்ட அலுவலகத்துக்கு வந்து, யார் கையாலோ வீடு சேரும் பழக்கம் இன்னும் ஓய்ந்துவிடவில்லை. கூரியர்காரர் மேட்டு லயம் வரை ஏறிவருவதும் அரிது. ‘டவுனுக்கு வந்து எடுத்துக்கொள்ளுங்கள்’ என்பதுதான் வழமையான அழைப்பு. அதற்குப் போக ஒரு நாள் வேலையை விட வேண்டும். தோட்டத்துப் பேச்சில் சொன்னால் ஒரு பேர் போய்விடும். 2024 செப்டம்பரில் நிர்ணயமான குறைந்தபட்ச நாட்சம்பளமே 1,350 ரூபாவாக இருந்தது. டிசம்பர் 8ஐ நம்பிப் பண்டாரவளைக்கு இறங்கி, பொதி வரவில்லை என்று வெறுங்கையோடு மேலேறும் ஒருவருக்கு, அந்தத் தேதியால் ஒரு நாட்சம்பளமும் பஸ் காசும் நட்டம். தள்ளுபடி 150.

அவர்களுக்கு மின்னஞ்சல் மட்டும் போதாது, அதைத் திறந்து பார்க்காதவர்களும் இருப்பார்கள். அதே சேதியைத் தொலைபேசியிலும் தமிழில் சொல்ல வேண்டும். மின்னஞ்சலில் அவர்களுக்கு மட்டும் ஒரு வரி கூடுதலாக இருக்கலாம்: “பொதி பண்டாரவளைக்கு வந்ததும் நானே போனில் சொல்வேன். அதுவரை வேலையை விட்டுவிட்டு இறங்கி வரவேண்டாம்.”